மொத்த மதிப்பெண் அப்படியே இருக்கிறது, பதில்கள் மாறிவிட்டன: ப்ராம்ப்ட்டைப் புதிய மாடலுக்கு மாற்றும்போது நடப்பது என்ன?

சாட்ஜிபிடி போன்ற செயலிகளை இயக்கும் மொழி மாடல் ஒன்றின் புதிய பதிப்பு வெளியானதும் இரண்டு பேச்சுகள் கிளம்புகின்றன. "மாடலின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதும், புதியது எப்படியும் மேலானதுதானே" என்பது ஒன்று. "மாற்றினேன், எல்லாம் கெட்டுவிட்டது, பழையதே நல்லது" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து பதில்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். எது எவ்வளவு மாறியது, ஏன் மாறியது என்பதை அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. அது கடினமானதும் இல்லை. நிரல் எழுதத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் விதத்தில் அதை இங்கே விளக்குகிறேன்.

## பழைய ஊழியர், புதிய ஊழியர்

ஓர் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களை ஒருவர் பிரித்து அடுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பிரிக்க வேண்டும் என்று ஒரு தாளில் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தத் தாளை நீங்கள் பலமுறை திருத்தியிருப்பீர்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்ட இடத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கும். அவர் தானாகவே சரியாகச் செய்துவிடும் இடங்களில் எதுவும் எழுதியிருக்க மாட்டீர்கள், எழுதத் தேவையே இருந்திருக்காது.

இப்போது அவரைவிடத் திறமையான ஒருவர் அந்த இடத்துக்கு வருகிறார். அதே தாளைத்தான் அவரிடமும் கொடுக்கிறீர்கள். தாளில் எழுதியிருப்பதை அவர் இன்னும் கவனமாகப் படித்து அப்படியே செய்கிறார். சிக்கல் தொடங்குவது அங்கேதான். எழுதாமல் விட்டவை அவருக்குத் தெரியாது. அரைகுறையாக எழுதியவற்றை அவர் வேறு விதமாகப் புரிந்துகொள்வார்.

மாடலுக்கு நாம் கொடுக்கும் எழுத்து வடிவ அறிவுறுத்தலுக்கு ப்ராம்ப்ட் என்று பெயர். நன்றாக வேலை செய்யும் ஒரு ப்ராம்ப்ட், குறிப்பிட்ட ஒரு மாடலின் பழக்கவழக்கங்களுக்கேற்பச் செதுக்கப்பட்ட தாள். அதன் பாதி மாடலுக்குள் இருக்கிறது. மாடலை மாற்றும்போது அந்தப் பாதி போய்விடுகிறது.

## 'பின்னடைவு' என்றால் என்ன?

நேற்றுவரை சரியாக நடந்த ஒன்று, வேறு எதையோ மேம்படுத்தப்போய் இன்று தவறாக நடந்தால், அதை மென்பொருள் துறையில் ரிக்ரஷன் என்பார்கள். தமிழில் பின்னடைவு என்று சொல்லலாம். அதைப் பிடிப்பதற்காகச் சேர்த்து வைக்கும் உள்ளீடுகளும், ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய பதிலும் அடங்கிய தொகுப்புதான் பின்னடைவுச் சோதனைத் தொகுப்பு. அதில் உள்ள ஒவ்வொரு இணையையும் ஒரு சோதனை என்று அழைப்போம்.

வழக்கமான மென்பொருளில் ஒரு சோதனை வெற்றி பெறும் அல்லது தோற்கும், நூறு முறை ஓட்டினாலும் அதே முடிவுதான். மொழி மாடலில் அப்படியில்லை. சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு தற்செயலுக்கு இடம் தரலாம் என்பதை முடிவுசெய்யும் எண்ணுக்கு டெம்பரேச்சர் என்று பெயர். அதைப் பூஜ்யத்தில் வைத்தால்கூட, அதே கேள்விக்குச் சில நேரம் வேறு பதில் வரும். பல பயனர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும்போது எண்களைக் கூட்டும் வரிசை மாறி, கடைசி இலக்கங்கள் சற்றே வேறுபடுவது இதற்கு ஒரு காரணம். இரண்டு சொற்கள் ஏறக்குறைய சம வாய்ப்பில் இருக்கும் இடத்தில் அந்தச் சிறு வேறுபாடே போதும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ப்ராம்ப்ட் என்பது ஒரு மாடலுக்கென்று பழகிய தாள், பின்னடைவு என்பது முன்பு சரியாக இருந்தது கெடுவது, அதே மாடலே தன் பதிலைச் சிறிதளவு மாற்றிக்கொள்ளக்கூடும். இந்த மூன்றாவது விஷயத்தை மறந்தவர்கள்தான் "புதிய மாடல் கெட்டுவிட்டது" என்று அவசரப்பட்டுச் சொல்கிறார்கள்.

## ஒரு புகழ்பெற்ற தவறான புரிதல்

2023 ஜூலையில் லிங்ஜியாவ் சென், மாத்தேய் ஸஹாரியா, ஜேம்ஸ் ஸோ ஆகிய ஆய்வாளர்கள் ஜிபிடி-4 மாடலின் மார்ச் மாதப் பதிப்பையும் ஜூன் மாதப் பதிப்பையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு எண் பகா எண்ணா என்று கேட்டபோது மார்ச் பதிப்பு 97.6 சதவீதம் சரியாகச் சொன்னது, ஜூன் பதிப்பு 2.4 சதவீதம்தான் சரியாகச் சொன்னது. செய்தி உலகெங்கும் பரவியது. மாடல் முட்டாளாகிவிட்டது என்றே பலர் முடிவுகட்டினார்கள்.

அர்விந்த் நாராயணன், சயாஷ் கபூர் என்ற இரு பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் சோதனைத் தொகுப்பையே திறந்து பார்த்தார்கள். அதில் இருந்த எண்கள் அனைத்தும் பகா எண்கள். வகுபடும் எண் ஒன்றுகூட இல்லை. மார்ச் பதிப்பு எதைக் கேட்டாலும் "பகா எண்" என்று சொல்லும் பழக்கத்தில் இருந்தது, ஜூன் பதிப்பு "இல்லை" என்று சொல்லும் பழக்கத்துக்கு மாறியிருந்தது. இரண்டுமே உண்மையில் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. மாறியது பழக்கம், திறமை இருந்த இடத்திலேயே இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு அளவீடும் இருந்தது. எழுதிக் கொடுத்த நிரலை அப்படியே எடுத்து ஓட்ட முடிகிறதா என்று பார்த்தார்கள். 52 சதவீதமாக இருந்தது 10 சதவீதத்துக்கு இறங்கியது. முக்கியக் காரணம், ஜூன் பதிப்பு நிரலுக்கு முன்னும் பின்னும் பேக்டிக் எனப்படும் சாய்ந்த மேற்கோள் குறிகள் மூன்றைச் சேர்த்திருந்தது. மனிதர் படிக்க அது வசதி. ஆனால் அதை நேராக ஓட்டும் கருவிக்கு அது பிழை.

இந்த இரண்டு எண்களும் பொய்யில்லை. அவற்றை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது என்பதுதான் விஷயம். பதில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கே காரணம் கிடைத்தது. இனி நாம் போடப்போகும் கணக்கிலும் இதையே செய்யப்போகிறோம்.

## ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வாடிக்கையாளர் கடிதங்களைப் படித்து மூன்று தகவல்களை எடுக்கும் ப்ராம்ப்ட் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். கடிதம் எந்த வகை, அவசரமா, ஆர்டர் எண் என்ன என்பவை அந்த மூன்று. விடை இந்த வடிவில் வரவேண்டும்:

```
{"category": "refund", "urgent": false, "order_id": null}
```

கடைசியில் உள்ள `null` என்றால் "அந்தத் தகவல் இல்லை" என்று பொருள். சோதனைத் தொகுப்பில் 120 கடிதங்கள் இருக்கின்றன. எண்களை விளக்கத்துக்காக நானே அமைத்திருக்கிறேன், ஆனால் தவறுகளின் தன்மை இந்த வேலை செய்பவர்கள் அடிக்கடி சந்திப்பது.

முதலில் பழையதைப் பழையதோடு ஒப்பிடுங்கள். புதிய மாடலைத் தொடுவதற்கு முன், பழைய மாடலிலேயே 120 கடிதங்களையும் ஐந்து முறை ஓட்டுகிறோம். பெரும்பாலான கடிதங்களுக்கு ஐந்து முறையும் அதே பதில் வருகிறது. 4 கடிதங்களுக்கு மட்டும் பதில் அங்கும் இங்கும் ஆடுகிறது. இந்த நான்கையும் 'ஆடும் சோதனைகள்' என்று குறித்துவைக்கிறோம். புதிய மாடலில் இவை மாறினால் அதற்குப் புதிய மாடலைக் குறை சொல்ல முடியாது. இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். என் கருத்தில், இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த ஒப்பீட்டையும் நம்பக் கூடாது.

மாடலின் பெயரை மட்டும் மாற்றுங்கள். புதிய மாடலுக்குப் போகும் சாக்கில் ப்ராம்ப்ட்டையும் கொஞ்சம் மெருகேற்றலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், பதில் மாறியதற்கு எது காரணம் என்று பிறகு பிரிக்க முடியாது. பெயரை எழுதும்போதும் ஒரு கவனம் தேவை. `gpt-4o` என்பது நிறுவனம் விரும்பும்போது வேறு பதிப்பை நோக்கித் திருப்பக்கூடிய பொதுப்பெயர். `gpt-4o-2024-08-06` என்பது தேதியிட்டு உறையவைத்த ஒரே பதிப்பு. சோதனையைத் தேதியிட்ட பெயரில்தான் ஓட்ட வேண்டும், நேரடிப் பயன்பாட்டிலும் அதே பெயரைத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் சோதித்தது ஒன்று, ஓடுவது இன்னொன்று என்று ஆகிவிடும்.

மொத்தத்தைப் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். பழைய மாடல் 108 கடிதங்களில் சரி. புதிய மாடல் 109. ஒன்று கூடியிருக்கிறது, மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டு மாணவர்கள் ஒரே மதிப்பெண் வாங்கினாலும், அவர்கள் தவறவிட்ட கேள்விகள் வேறு வேறாக இருக்கலாம் அல்லவா? கடிதம் கடிதமாக இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். 99 கடிதங்களில் இரண்டும் சரி. 2 கடிதங்களில் இரண்டும் தவறு. 10 கடிதங்களில் பழையது தவறு, புதியது சரி. 9 கடிதங்களில் பழையது சரி, புதியது தவறு. இந்த ஒன்பதுதான் பின்னடைவுக்கான சந்தேகப் பட்டியல். '108, 109' என்ற இரண்டு எண்களுக்குப் பின்னால் 19 கடிதங்களில் நடத்தை மாறியிருக்கிறது.

சுருக்கமாக: பழையதை ஐந்து முறை ஓட்டி ஆட்டத்தின் அளவைத் தெரிந்துகொண்டோம், மாடலின் பெயரை மட்டும் மாற்றினோம், மொத்தத்தை விட்டுவிட்டுப் புரண்ட பதில்களைப் பட்டியலிட்டோம். இனி அந்த ஒன்பதையும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

## ஒன்பது கடிதங்கள் சொல்லும் கதை

புதிய மாடலையும் ஐந்து முறை ஓட்டிப் பார்க்கிறோம். ஒன்பதில் இரண்டு, நாம் முன்பே குறித்துவைத்த ஆடும் சோதனைகள். அவற்றை விலக்கினால் ஏழு மிஞ்சுகின்றன. ஐந்து ஓட்டத்திலும் அந்த ஏழு ஒரே மாதிரி தவறுகின்றன. ஆகவே இவை தற்செயல் இல்லை.

நான்கு கடிதங்களில் ஆர்டர் எண் இல்லை. ப்ராம்ப்ட்டில் "எண் இல்லாவிட்டால் காலியாக விடவும்" என்று எழுதியிருக்கிறது. பழைய மாடல் `null` என்று கொடுத்துவந்தது. புதிய மாடல் `""` என்று கொடுக்கிறது, அதாவது உள்ளே எதுவும் இல்லாத மேற்கோள் குறிகள். யோசித்துப் பாருங்கள், "காலியாக விடவும்" என்ற சொல்லுக்குப் புதிய மாடல் செய்ததுதான் நெருக்கமான பொருள். ஆனால் அடுத்துள்ள நிரல் `null` வந்தால் மட்டுமே தேடலை நிறுத்தும். காலி மேற்கோளை ஓர் ஆர்டர் எண்ணாக எடுத்துக்கொண்டு தேடப் போய்விடும். மாடல் இங்கே தவறு செய்யவில்லை. நாம் எழுதியது துல்லியமாக இல்லை, பழைய மாடல் அதை நமக்காக மூடி மறைத்துவந்தது.

இரண்டு கடிதங்கள் கவலைக்குரியவை. இரண்டிலும் வாங்கிய கருவி சூடாகிப் புகைந்ததாக வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார். ப்ராம்ப்ட்டில் இருந்த விதி இது: "வாடிக்கையாளர் கணக்கை மூடப்போவதாகச் சொன்னால் மட்டும் அவசரம் எனக் குறிக்கவும்." பழைய மாடல் 'மட்டும்' என்ற சொல்லைத் தாண்டி, புகை என்றதும் அவசரம் என்று குறித்துவந்தது. புதிய மாடல் விதியை எழுத்துப்படி பின்பற்றி, அவசரமில்லை என்று சொல்லிவிட்டது. புதிய தலைமுறை மாடல்கள் பலவற்றில் தெரியும் பொதுவான போக்கு இது, அறிவுறுத்தலை அவை முன்னைவிட எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கின்றன. தாளில் இல்லாத நல்லறிவைப் பழைய ஊழியர் சேர்த்துக்கொண்டிருந்தார் என்று முதல் பகுதியில் சொன்னது இதைத்தான்.

கடைசி ஒன்று வேறு ரகம். வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, வேறு பொருளாக மாற்றித் தரச் சொல்கிறார். புதிய மாடல் 'மாற்றித் தருதல்' என்று சரியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. சோதனைத் தொகுப்பில் எழுதிவைத்த விடைதான் தவறு. தொகுப்பைத் தயாரித்தவர் பழைய மாடலின் பதிலையே 'சரியான விடை' என்று நகலெடுத்துவிட்டார். இப்படிச் செய்தால், பழையதைப்போல இருப்பதே சரி என்று தொகுப்பு தீர்ப்பு சொல்லும், பழையதைவிட நன்றாகச் செய்யும் மாடலுக்கு மதிப்பெண் குறையும். விடைகளை ஒரு மனிதர் கடிதத்தைப் படித்து எழுத வேண்டும்.

ஒன்பதின் கணக்கு இப்போது தெளிவாகிறது. தற்செயல் 2, துல்லியமில்லாத வாசகம் 4, எழுதாமல் விட்ட விதி 2, தவறான விடை 1. ஒரே 'தோல்வி' என்ற பெயரில் நான்கு வெவ்வேறு நோய்கள், ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு.

புரண்ட மற்ற பத்தையும் படிக்க வேண்டும். நல்ல செய்தி என்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. அவற்றிலும் இரண்டு ஆடும் சோதனைகள், மீதி எட்டுதான் உண்மையான முன்னேற்றம்.

## திருத்தம், பிறகு மீண்டும் முழு ஓட்டம்

முதல் திருத்தம் எளிது. "எண் இல்லாவிட்டால் `null` என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதவும்" என்று மாற்றி, 120 கடிதங்களையும் ஓட்டுகிறோம். நான்கும் சரியாகின்றன, வேறெதுவும் புரளவில்லை.

இரண்டாவது திருத்தம்: "உடல்நலத்துக்கு ஆபத்து என்றாலும் அவசரம் எனக் குறிக்கவும்." மறுபடி 120 கடிதங்கள். புகைந்த கருவிகள் இரண்டும் சரியாகிவிட்டன. ஆனால் இதுவரை சரியாக இருந்த ஒரு கடிதம் கெட்டுவிட்டது. அதில் வாடிக்கையாளர் "உங்கள் சேவையால் எனக்குத் தலைவலிதான் மிச்சம்" என்று எழுதியிருந்தார். மாடல் அதை உடல்நலப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு அவசரம் என்று குறித்துவிட்டது. தோற்ற இரண்டு கடிதங்களை மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் முழுத் தொகுப்பையும் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். "பொருள் தீப்பிடித்தல், புகைதல், மின்னதிர்ச்சி, காயம் போன்ற நேரடி ஆபத்து" என்று வாசகத்தை இறுக்கியதும் மூன்றும் சரியாகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படித் திருத்திக்கொண்டே போனால், ப்ராம்ப்ட் இந்த 120 கடிதங்களுக்கு மட்டும் பழகிப்போகும். விடைத்தாளைப் பார்த்துப் படித்த மாணவர் நிலைதான். அதனால் தொடக்கத்திலேயே இன்னொரு 30 கடிதங்களைத் தனியே எடுத்து வைத்து, திருத்தும்போது அவற்றைப் பார்க்காமல், எல்லாம் முடிந்தபின் ஒரே ஒருமுறை ஓட்டுவது நல்லது.

## எல்லாம் சரி என்றால் எவ்வளவு சரி?

தொகுப்பில் ஒரு குறிப்பிட்ட தவறு ஒருமுறைகூட வரவில்லை என்றால், அந்தத் தவறே நடக்காது என்று பொருளில்லை. இதற்குப் புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று எளிய கணக்கு உண்டு. n சோதனைகளில் ஒரு தவறும் இல்லாவிட்டால், உண்மையான தவறு விகிதம் 95 சதவீத நம்பிக்கையோடு 3/n என்பதற்குள் இருக்கும். 120 கடிதங்களில் தவறே இல்லையென்றால் அந்த வரம்பு 2.5 சதவீதம்.

அவசரக் கடிதங்களுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 120-இல் அவசரமானவை 18 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டையும் மாடல் சரியாகப் பிடித்திருந்தாலும், உண்மையில் அது அவசரக் கடிதங்களில் ஏறத்தாழ 15 சதவீதம்வரை தவறவிடக்கூடும் என்பதை இந்தத் தொகுப்பால் மறுக்க முடியாது. (இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு மூன்றின் விதி சற்றுக் கூடுதலாகக் காட்டும், அதனால் நேரடிக் கணக்கைச் சொல்கிறேன்.) புகையும் கருவியைப் பற்றிய கடிதத்தைத் தவறவிடுவது, வகையை மாற்றிப் போடுவதைவிடப் பெரிய தவறு. ஆகவே தொகுப்பைப் பெரிதாக்க நேரம் இருந்தால், எளிய கடிதங்களை மேலும் நூறு சேர்ப்பதைவிட அவசரக் கடிதங்களை 60 ஆக உயர்த்துங்கள். வரம்பு 5 சதவீதத்துக்கு வந்துவிடும்.

எது நடந்தால் மாற்றத்தை நிறுத்துவது என்பதையும் ஓட்டத்துக்கு முன்பே எழுதிவையுங்கள். "ஓர் அவசரக் கடிதம்கூடத் தவறக் கூடாது, வகைப் பிழைகள் மூன்றுவரை கூடலாம்" என்பதுபோல. முடிவைப் பார்த்த பிறகு எல்லை வகுத்தால், வந்த முடிவுக்கேற்ப எல்லையும் நகர்ந்துவிடும்.

## நேரடிப் பயன்பாட்டுக்கு முன் ஒரு நிழல் ஓட்டம்

சோதனைத் தொகுப்பில் இருப்பவை நேற்றைய கடிதங்கள். இன்று வருபவை வேறு. அதனால் சில நாட்களுக்கு, வரும் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு மாடல்களுக்கும் அனுப்பலாம். பழையதன் பதில் மட்டுமே பயன்பாட்டுக்குப் போகும், புதியதன் பதில் பதிவாகி நிற்கும். இதை நிழல் ஓட்டம் என்பார்கள். இரண்டும் வேறுபடும் கடிதங்களை மட்டும் ஒருவர் படித்தால் போதும். அவற்றில் புதுமாதிரியாக இருப்பவை சரியான விடையோடு சோதனைத் தொகுப்பில் சேர வேண்டும். அந்தத் தலைவலிக் கடிதத்தைப் போன்றவை பெரும்பாலும் இங்கிருந்துதான் கிடைக்கின்றன.

இதைத் தள்ளிப்போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. தேதியிட்ட பழைய பதிப்புகளை நிறுவனங்கள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு ஒருநாள் நிறுத்திவிடுகின்றன. நிறுத்தியபின் பழையதை ஐந்து முறை ஓட்டி ஆடும் சோதனைகளைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, நிழல் ஓட்டமும் முடியாது. அதனால் நிறுத்தும் அறிவிப்பு வந்த வாரத்திலேயே பழைய மாடலின் ஐந்து ஓட்டங்களையும் முடித்து, பதில்களை ப்ராம்ப்ட்டோடும் தேதியிட்ட மாடல் பெயரோடும் சேர்த்துச் சேமித்துவிடுங்கள். மாற்றம் முடிந்ததும் புதிய மாடலின் ஐந்து ஓட்டங்களையும் அதே கோப்புறையில் வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது ஒப்பிட வேண்டிய 'பழையது' அதுதான்.